தைராய்டு மாத்திரை: நேரத்தை மாற்றலாம், பிராண்டையும் மாற்றலாம்... ஆனால், ரத்தப் பரிசோதனைக்கு அவசரப்படக் கூடாது!

காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு குட்டி மாத்திரை. அதன் பிறகு ஒரு மணி நேரம் காபி கிடையாது. தைராய்டு சுரப்பு குறைவாக இருப்பவர்களின் வீடுகளில் வருடக்கணக்கில் நடக்கும் சடங்கு இது. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும், டிகாக்‌ஷன் இறங்கியிருக்கும், குழந்தைகளுக்கு லஞ்ச் பாக்ஸ் கட்ட வேண்டியிருக்கும். அந்த ஒரு மணி நேரம் பலருக்கு அரை மணியாகி, பிறகு பத்து நிமிடமாகிவிடுகிறது. சிலர் காபியோடு சேர்த்தே விழுங்கிவிடுகிறார்கள்.

இவர்களெல்லாம் டாக்டரிடமும் மெடிக்கல் ஷாப்பிலும் கேட்கும் கேள்விகள் மூன்று. ராத்திரி படுக்கும்போது போட்டுக்கொள்ளலாமா? வாரத்துக்கு ஒரு நாள் மொத்தமாகப் போட்டுக்கொண்டால் என்ன? வழக்கமான கம்பெனி மாத்திரை கிடைக்காவிட்டால் வேறு கம்பெனி வாங்கலாமா? மூன்றுக்குமே 'நிபந்தனைகளோடு முடியும்' என்பதுதான் பதில். ஆனால், அதிகம் பேர் தடுக்கி விழுவது இந்த மூன்றில் இல்லை. மாற்றிய பிறகு ரத்தப் பரிசோதனையை எப்போது செய்வது என்பதில்தான்.

ஒரு வாரத்துக்குப் பாதி

இந்த மாத்திரைகளில் இருக்கும் மருந்தின் பெயர் லெவோதைராக்சின். நம் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி உண்டாக்கும் டி4 ஹார்மோனும் இதுவும் ஒன்றுதான். இதன் விசேஷ குணம், உடலைவிட்டுப் போக அவசரமே படாது. காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் ரத்தத்தில் பாதியாகக் குறைய இரண்டு மூன்று மணி நேரம் போதும். தைராக்சின் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிறது.

வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் மெல்லிய குழாய் வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டேயிருக்கிறது, மேலே தினமும் ஒரு குடம் ஊற்றுகிறோம். ஒரு நாள் காலைக்குப் பதில் இரவில் ஊற்றினால் தொட்டிக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒரு நாள் மறந்தாலும் தொட்டி காய்ந்துவிடாது. ஆனால், குடத்தின் அளவையே மாற்றினால் தொட்டியின் மட்டம் உடனே மாறாது. ஒரு வாரத்தில் பாதி தூரம், இரண்டாவது வாரத்தில் முக்கால் தூரம் என்று மெல்ல நகர்ந்து, ஐந்தாறு வாரங்களில்தான் புது மட்டத்தில் நிற்கும்.

நாம் பரிசோதிக்கும் டி.எஸ்.ஹெச், தைராய்டு சுரப்பியிலிருந்து வருவதல்ல. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் கட்டளை அது. தைராக்சின் குறைந்தால் பிட்யூட்டரி குரலை உயர்த்தும், டி.எஸ்.ஹெச் கூடும். தைராக்சின் அதிகமானால் டி.எஸ்.ஹெச் இறங்கிவிடும். தொட்டியின் மட்டம் மாறி, அதைப் பிட்யூட்டரி உணர்ந்து, தன் குரலைச் சரிசெய்துகொள்ள இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கும். அதனால்தான் டோஸிலோ, நேரத்திலோ, பிராண்டிலோ எதை மாற்றினாலும் பரிசோதனைக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் பொறுக்கச் சொல்கிறார்கள். இரண்டாவது வாரத்தில் எடுக்கும் டி.எஸ்.ஹெச், ஓடும் பஸ்ஸிலிருந்து எடுத்த போட்டோ மாதிரி. பஸ் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியலாம். எங்கே போய் நிற்கும் என்று தெரியாது.

இரவில் போட்டுக்கொள்ளலாமா?

நெதர்லாந்தில் நடந்து, 2010-ல் வெளியான ஓர் ஆய்வு இந்தக் கேள்வியை நேரடியாகவே சோதித்தது. ஒவ்வொருவருக்கும் காலையில் ஒன்று, படுக்கும்போது ஒன்று என இரண்டு கேப்ஸ்யூல்கள் கொடுத்தார்கள். ஒன்றில் மருந்து இருக்கும், இன்னொன்று வெறும் டம்மி. எது எது என்று போட்டுக்கொள்பவருக்குத் தெரியாது. மூன்று மாதம் கழித்து மாற்றிக் கொடுத்தார்கள். முழுமையாக முடித்த 90 பேரின் கணக்கைப் பார்த்தபோது, மருந்து இரவில் போன மாதங்களில் டி.எஸ்.ஹெச் சராசரியாக 1.25 புள்ளி குறைவாக இருந்தது. அதாவது, அதே மருந்து இரவில் கொஞ்சம் அதிகமாகவே உடலில் சேர்ந்திருக்கிறது. ஆனால் சோர்வு, மனநிலை போன்றவற்றில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

இதைப் படித்துவிட்டு 'இரவுதான் பெஸ்ட்' என்று முடிவுகட்டிவிட முடியாது. அதற்கு முந்தைய வருடம் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் முடிவு தலைகீழ். காலை வெறும் வயிற்றில் போட்டவர்களுக்குத்தான் டி.எஸ்.ஹெச் நன்றாகக் கட்டுக்குள் இருந்தது. இரவு இரண்டாவது இடம், காலை உணவோடு சேர்த்துப் போட்டது கடைசி இடம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. காலையா, இரவா என்பதைவிட வயிறு எவ்வளவு காலியாக இருக்கிறது என்பதுதான் கணக்கு. அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2014 வழிகாட்டுதல், காலை என்றால் டிபனுக்கு ஒரு மணி நேரம் முன்பு, இரவு என்றால் கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரமோ, அதற்கு மேலோ கழித்து என்று சொல்கிறது.

நம் வீடுகளில் சிக்கல் இந்த மூன்று மணி நேரத்தில்தான் வரும். ஒன்பதரைக்கு இட்லி சாப்பிட்டு, பத்தரைக்குப் படுக்கிறவர் இரவு டோஸுக்குப் பொருத்தமானவர் அல்ல. படுக்கும் முன் பால் குடிப்பவரும் அப்படித்தான். பாலில் உள்ள கால்சியம் மாத்திரை உடலில் சேர்வதைக் குறைக்கும். கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை ஆகியவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் இடையே நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியத்தைப் பலரும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். காலை டோஸை இரவுக்கு மாற்றும் நாளில், அதுவரை பிரச்னையில்லாமல் இருந்த கால்சியம் திடீரென்று பக்கத்து ஸீட்டில் வந்து உட்கார்ந்துவிடும்.

மாறிய கம்பெனி

மெடிக்கல் ஷாப்பில், "அந்த கம்பெனி ஸ்டாக் இல்லீங்க, இது அதேதான், போட்டுக்கோங்க" என்று வேறு பாட்டிலைக் கொடுப்பது சகஜம். அதேதானா? மருந்து அதேதான். ஆனால், ஒரு மாத்திரையில் மருந்து இருப்பது மைக்ரோகிராம் கணக்கில். ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். கையில் தெரியும் மாத்திரையின் உடம்பெல்லாம் அதைத் தாங்கிப் பிடிக்கும் மாவுப்பொருள்கள்தான். லாக்டோஸ், மானிட்டால் என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒன்றைச் சேர்க்கும். மாத்திரை எவ்வளவு சீக்கிரம் கரைகிறது, அலமாரியில் இருக்கும்போது வீரியம் எவ்வளவு நாள் தாங்குகிறது என்பதெல்லாம் இவற்றையும் பொறுத்தது.

இதற்குப் பெரிய உதாரணம் பிரான்ஸ். அங்கே சுமார் 30 லட்சம் பேர் போட்டுக்கொண்டிருந்த லெவோதைராக்ஸ் என்ற மாத்திரையில், 2017-ல் மெர்க் நிறுவனம் லாக்டோஸை எடுத்துவிட்டு மானிட்டாலும் சிட்ரிக் அமிலமும் சேர்த்தது. வீரியம் நிலையாக இருக்க வேண்டும் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே கேட்டதால் வந்த மாற்றம் அது. சில மாதங்களில் சோர்வு, தலைவலி, முடி உதிர்வு என்று ஆயிரக்கணக்கில் புகார்கள் குவிந்தன. பழைய வகை மாத்திரையை மறுபடி கொண்டுவர வேண்டியதாயிற்று. பிறகு லட்சக்கணக்கான நோயாளிகளின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வில், புது மாத்திரையால் தீவிர நோய்கள் அதிகரிக்கவில்லை என்று தெரிந்தது.

இன்னொரு பக்கம், 2022-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஒரு கம்பெனியின் ஜெனரிக் மாத்திரையிலிருந்து இன்னொரு கம்பெனியின் ஜெனரிக்குக்கு மாறியவர்களையும் மாறாதவர்களையும் ஒப்பிட்டது. டி.எஸ்.ஹெச்-சில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே, கம்பெனி மாறிவிட்டதே என்று பதறத் தேவையில்லை. ஆனால் சராசரியில் வித்தியாசம் இல்லை என்பதற்கு, உங்களுக்கு வித்தியாசம் வரவே வராது என்று அர்த்தமில்லை. முடிந்தவரை ஒரே பிராண்டில் இருப்பது, மாறிவிட்டால் தேதியைக் குறித்துக்கொண்டு ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒருமுறை டி.எஸ்.ஹெச் பார்ப்பது என்பதுதான் இரண்டுக்கும் நடுவே உள்ள நடைமுறை வழி. தைராய்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் சொல்லாமல் மாற்றக் கூடாது. அவர்களுக்கு டி.எஸ்.ஹெச் இருக்க வேண்டிய எல்லை மிகக் குறுகலானது.

கடையிலேயே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பாட்டிலின் நிறத்தையோ, மாத்திரையின் நிறத்தையோ நம்பாமல், எண்ணைப் படியுங்கள். ஒரு கம்பெனியில் 50-க்கு இருக்கும் நிறம் இன்னொன்றில் வேறு டோஸுக்கு இருக்கலாம். 88, 112 போன்ற இடைப்பட்ட அளவுகள் எல்லாக் கம்பெனிகளிலும் கிடைப்பதில்லை. 'கிட்டத்தட்ட அதேதானே' என்று 88-க்குப் பதில் 100 வாங்கிவந்தால், மாறியது பிராண்ட் மட்டுமல்ல, டோஸும்தான்.

பழி விழுந்தது ஒன்றின்மேல், காரணம் இன்னொன்று

இவையெல்லாம் ஒன்றாகச் சேரும்போது என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணக் கணக்கு. ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் 44 வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடங்களாக தினமும் காலை 75 மைக்ரோகிராம். டி.எஸ்.ஹெச் 2.4, எந்தத் தொந்தரவும் இல்லை. மூட்டு வலிக்காக மே மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்கு, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு கால்சியம் மாத்திரை. காலையில் நேரமில்லாததால் ஜூன் 1-ம் தேதியிலிருந்து தைராய்டு மாத்திரையை இரவுக்கு மாற்றிக்கொள்கிறார். கடை முடிந்து வீட்டுக்கு வந்து, ஒன்பதே முக்காலுக்குச் சாப்பாடு, கையோடு கால்சியம், பத்தரைக்குத் தைராய்டு மாத்திரை, தூக்கம். அதே வாரத்தில் வழக்கமான பிராண்ட் கிடைக்காமல் வேறு கம்பெனியின் 75 வாங்குகிறார்.

மூன்றாவது வாரத்தில் உடம்பு அசதி. 'புது மாத்திரை சரியில்லை' என்று முடிவுசெய்து, தானே லேபுக்குப் போய்ப் பரிசோதிக்கிறார். டி.எஸ்.ஹெச் 6.1. ரிப்போர்ட்டைக் காட்டுகிறார். கம்பெனி மாறியதைச் சொல்கிறார். நேரம் மாறியதையும் கால்சியத்தையும் சொல்லவில்லை. டோஸ் 100 ஆகிறது.

ஜூலையில், சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் இடைவெளி வேண்டும் என்று கேள்விப்பட்டு, கடைக்கே டிபன் கட்டிக்கொண்டுபோய் ஏழரைக்குச் சாப்பிட ஆரம்பிக்கிறார். படுக்கப்போகும்போது பதினொரு மணிக்கு மாத்திரை. ஆகஸ்ட் தொடக்கத்தில் கால்சியமும் முடிகிறது. இப்போது மாத்திரை முழுசாக உடலில் சேர்கிறது. ஆனால், போய்க்கொண்டிருப்பதோ 100. செப்டம்பர் கடைசியில் படபடப்பு, கையில் லேசான நடுக்கம், தூக்கமின்மை. டி.எஸ்.ஹெச் 0.2.

மறுபடி பழைய பிராண்டுக்கே போய்விடலாம் என்பதுதான் அவருக்குத் தோன்றுவது. இந்த முறை டாக்டர் எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டுவிட்டு, ஒன்றை மட்டும் மாற்றுகிறார். டோஸ் மீண்டும் 75. புது பிராண்ட் அப்படியே, இரவு நேரம் அப்படியே, ஏழரை மணிச் சாப்பாடு அப்படியே. ஏழு வாரம் கழித்து டி.எஸ்.ஹெச் 2.2. பழி சுமந்த கம்பெனி மாத்திரை நிரபராதி. தடுத்தது சாப்பாடும் கால்சியமும்தான். ஒரே வாரத்தில் இரண்டு மாற்றங்கள் நடந்திருந்ததால், மூன்றாவது வாரத்து ரிப்போர்ட்டை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

நேரத்தை மாற்றுவதானால் நேரத்தை மட்டும் மாற்றுங்கள். கடையில் பிராண்டும் மாறிவிட்டால், நேர மாற்றத்தை அடுத்த பரிசோதனைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். டாக்டரிடம் போகும்போது, போட்டுக்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும், அவற்றைப் போடும் நேரத்தோடு எழுதி எடுத்துப்போனால் பாதி குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

வாரத்துக்கு ஒரே ஒரு நாள்?

கேட்கும்போதே ஆசையாக இருக்கும் யோசனை இது. தொட்டிக் கணக்குப்படி முடியாததும் அல்ல. தினமும் 100 மைக்ரோகிராம் தேவைப்படுபவர், வாரத்தில் ஒரு நாள் 700 எடுத்துக்கொள்கிறார்; அதாவது 100 மாத்திரை ஏழு, ஒரே வேளையில். 1997-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், 12 பேருக்கு இப்படிக் கொடுத்துப் பார்த்தார்கள். போட்ட சில மணி நேரத்துக்கு ரத்தத்தில் டி4 ஏறி, பிறகு இறங்கியது. அதிகமாகிவிட்டதற்கான தொந்தரவுகள் தெரியவில்லை. ஆனால், வாரக் கடைசியில் அளவு சற்றுத் தாழ்ந்ததால், தினசரி டோஸின் ஏழு மடங்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படலாம் என்று கண்டார்கள்.

இருந்தாலும் டாக்டர்கள் இதை வசதிக்காகப் பரிந்துரைப்பதில்லை. தினமும் போட எவ்வளவு முயன்றும் மறந்துவிடுபவர்கள், மனநலச் சிக்கலால் மருந்தைத் தொடர முடியாதவர்கள், வாரம் ஒருமுறை நர்ஸோ, மகளோ எதிரில் நின்று கொடுத்தால்தான் உள்ளே போகும் என்ற நிலையில் இருப்பவர்கள் ஆகியோருக்கு அது ஒரு மாற்றுவழி. இதய நோய் உள்ளவர்களுக்கு இது கூடாது. ஒரே நேரத்தில் ஏறும் ஹார்மோன் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கலாம். வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தினசரி டோஸ்தான் பாதுகாப்பு.

வார டோஸில் மருந்தைவிடப் பெரிய ஆபத்து வீட்டுக் குழப்பம். அம்மாவுக்கு ஞாயிறு காலை ஏழு மாத்திரை கொடுத்தாயிற்று என்பது தெரியாமல், ஊரிலிருந்து வந்த மகன் திங்களன்றும் எண்ணிக் கொடுத்துவிடுவது நடக்கக்கூடியதுதான். பாட்டிலிலேயே கிழமையைப் பெரிதாக எழுதி ஒட்டி, கொடுக்கும் பொறுப்பை ஒருவரே வைத்துக்கொள்ள வேண்டும். இதிலும் முதல் பரிசோதனை ஆறு வாரத்துக்குப் பிறகுதான். ரத்தம் கொடுப்பது, அடுத்த வார டோஸ் போடுவதற்கு முன்பு. அப்போதுதான் தொட்டி மிகக் குறைவாக இருக்கும் நேரத்து நிலை தெரியும்.

சில டாக்டர்கள் திங்கள் முதல் வெள்ளி வரை 75, சனி, ஞாயிறு 100 என்று எழுதிக் கொடுப்பதைப் பார்த்துக் குழம்புபவர்கள் உண்டு. அதுவும் இதே தத்துவம்தான். வாரத்துக்கு 575, தினசரிச் சராசரி 82. கடையில் 82 என்று மாத்திரை கிடைக்காது என்பதால் வந்த ஏற்பாடு.

லேபுக்குப் போகும் நாளில்

ஆறு வாரம் பொறுத்துவிட்டு, பரிசோதனை நாளன்று கோட்டை விடுவதும் நடக்கிறது. காலை டோஸ்காரர்கள் ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போட்டுக்கொள்வது நல்லது. போட்ட சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 தற்காலிகமாக உயர்ந்து தெரியும். இரவு டோஸ்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு. டி.எஸ்.ஹெச் ஒரே நாளிலேயே ஏறி இறங்கும். நள்ளிரவிலும் அதிகாலையிலும் அதிகம், பிற்பகலில் குறைவு. போன முறை காலை ஏழு மணிக்குக் கொடுத்தவர், இந்த முறை மாலை நான்கு மணிக்குக் கொடுத்துவிட்டு எண்களை ஒப்பிட்டால் இல்லாத மாற்றம் இருப்பதுபோலத் தெரியும். ஒரே லேப், ஏறக்குறைய ஒரே நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

தலைமுடிக்காக பயோட்டின் மாத்திரை போடுபவர்கள் அதை லேபில் சொல்ல வேண்டும். சில லேப்களின் பரிசோதனை முறையிலேயே பயோட்டின் குறுக்கிட்டு, டி.எஸ்.ஹெச்-சை உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பு நிறுத்திக்கொள்வது வழக்கம். டோஸ் அதிகம் என்றால் டாக்டர் இன்னும் முன்பே நிறுத்தச் சொல்வார்.

தேதிக் கணக்கும் எளிதுதான். ஜூன் 1-ம் தேதி ஏதாவது மாறினால், ஜூலை 13-லிருந்து 27-க்குள் பரிசோதனை. டி.எஸ்.ஹெச் சரியாக இருந்தால், அடுத்தது ஆறு மாதத்திலோ, ஒரு வருடத்திலோ. அதற்குள் படபடப்பு, நெஞ்சு வலி, காரணமில்லாமல் எடை இறங்குவது என்று எது வந்தாலும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போய்விட வேண்டும். ஆறு வாரம் என்பது உடம்பு சாதாரணமாக இருப்பவர்களுக்கான கணக்கு.

கர்ப்பம் இந்தக் கணக்குக்கு வெளியே. மாதவிலக்கு தள்ளிப்போய், சிறுநீர்ப் பரிசோதனையில் உறுதியானதுமே தைராக்சின் தேவை ஏறத் தொடங்கிவிடும். அதே வாரத்தில் டாக்டரைப் பார்த்தால், பெரும்பாலும் டோஸைக் கூட்டச் சொல்வார். கர்ப்பத்தின் பாதிக்காலம்வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறையும், முப்பதாவது வாரத்தை ஒட்டி ஒருமுறையும் டி.எஸ்.ஹெச் பார்க்கப்படும். குழந்தை பிறந்ததும் டோஸ் பழைய அளவுக்குத் திரும்பும். அங்கிருந்து ஆறு வாரம் கழித்து மறுபடி ஒரு பரிசோதனை.